12 சதவீதக் கழிவும் 12 சதவீத வட்டியும் ஒன்றல்ல

ஒரு பனியன் கம்பெனி சரக்கை அனுப்பிவிட்டது. மூன்று மாதம் கழித்து வரவேண்டிய 1,00,000 ரூபாய்க்குப் பில் கையில் இருக்கிறது. பணமோ இன்றைக்கே தேவை. வங்கியில் இரண்டு வழி சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பில்லை ஆண்டுக்கு 12 சதவீதத்தில் டிஸ்கவுண்ட் செய்யலாம். அல்லது மாதாமாதம் வட்டி கட்டும் ஓ.டி. கணக்கில் 12.1 சதவீதத்துக்குக் கடன் எடுக்கலாம். 12 என்பது 12.1ஐவிடச் சின்ன எண் என்பதால் பெரும்பாலானோர் பில்லைத்தான் நீட்டுவார்கள். அதில்தான் அதிகச் செலவு. ஒன்று கழிவு வீதம், மற்றொன்று வட்டி வீதம். இரண்டுக்கும் சதவீதக் குறி பொது என்றாலும், எந்தத் தொகையின்மேல் அந்தச் சதவீதம் போடப்படுகிறது என்பது வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்றாமல் ஒப்பிடவே கூடாது.

பில் டிஸ்கவுண்டில் நடப்பதைப் பார்ப்போம். ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு 3 சதவீதம். வங்கி 1,00,000 ரூபாயில் 3,000ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 97,000 கொடுக்கிறது. மூன்று மாதம் முடிந்ததும் பில்லின் முழுத்தொகையும் வங்கிக்குப் போகிறது. ஆக, கம்பெனி உண்மையில் கடனாக வாங்கியது 97,000தான். அதற்குக் கொடுத்த விலை 3,000. வகுத்தால் 3.0928 சதவீதம். கழிவு, கடைசியில் திரும்பும் தொகையின்மேல் கணக்கிடப்படுகிறது. வட்டி, முதலில் கைக்கு வந்த தொகையின்மேல் கணக்கிடப்படுகிறது. கைக்கு வந்தது எப்போதும் குறைவு என்பதால், ஒரே கடனின் வட்டி வீதம் அதன் கழிவு வீதத்தைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

ஒரு காலத்துக்கான கழிவை d என்றும் வட்டியை i என்றும் எழுதினால் உறவு இதுதான்: i = d/(1−d). திருப்பிப் போட்டால் d = i/(1+i). இதற்குள் இருக்கும் காரணத்தை i − d = i × d என்ற வடிவம் இன்னும் தெளிவாகக் காட்டும். கழிவு என்பது தவணை முடிவில் கட்டவேண்டிய வட்டியை இன்றே கட்டுவது. இன்றே கட்டிய அந்த 3,000 ரூபாய் மூன்று மாதம் கடன்காரரிடம் இருந்திருந்தால் அதுவும் 3.0928 சதவீதம் ஈட்டியிருக்கும். அதாவது சுமார் 93 ரூபாய். 3.0928க்கும் 3க்கும் உள்ள 0.0928 அந்த 93 ரூபாய்தான்.

மாற்றும்போது பலர் தவறுவது ஒரே இடத்தில். ஆண்டு வீதமான 12ஐ அப்படியே சூத்திரத்தில் போட்டு 12/88, அதாவது 13.64 சதவீதம் என்று விடை சொல்லிவிடுகிறார்கள். அந்த விடை, ஓராண்டுக் கடனில் 12,000ஐ மொத்தமாக முதலிலேயே பிடித்துக்கொண்டால்தான் பொருந்தும். இங்கே பிடித்தம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ‘ஆண்டுக்கு 12’ என்பது வெறும் பெயரளவு வீதம். நடைமுறையில் இருப்பது காலாண்டுக்கு 3 மட்டுமே. ஆகவே முதலில் ஆண்டிலிருந்து காலாண்டுக்கு இறங்க வேண்டும், அங்கே கழிவை வட்டியாக மாற்ற வேண்டும், பிறகுதான் மீண்டும் ஆண்டுக்கு ஏற வேண்டும். 3.0928ஐ நான்கால் பெருக்கினால் 12.37 சதவீதம், இது காலாண்டுக்கு ஒருமுறை சேரும் பெயரளவு வட்டி. வட்டிக்கு வட்டியும் சேர்த்த பயனுறு ஆண்டு வட்டி வேண்டுமானால், 0.97ஐ நான்கு முறை பெருக்கி, வரும் 0.8853ஆல் 1ஐ வகுக்க வேண்டும். 1.1296 வரும், அதாவது 12.96 சதவீதம்.

இந்த இடத்தில் வட்டியும் கழிவும் எதிர்த்திசையில் நடப்பதைக் கவனிக்கலாம். 12 சதவீத வட்டியை ஆண்டுக்கொருமுறை சேர்த்தால் பயனுறு வட்டி 12. காலாண்டுக்கொருமுறை என்றால் 12.55, மாதாமாதம் என்றால் 12.68. அடிக்கடி சேர்க்கச் சேர்க்கக் கடன் கனக்கிறது. கழிவில் நேர்மாறு. ஆண்டுக்கொருமுறை பிடித்தால் 13.64, காலாண்டுக்கு 12.96, மாதத்துக்கு 12.82. வட்டியை அடிக்கடி கட்டச் சொன்னால் கடன் வாங்கியவருக்கு நஷ்டம். பிடித்தத்தை அடிக்கடி, சிறிது சிறிதாக எடுத்தால் அவருக்கு லாபம். காலத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் இரண்டும் 12.75 சதவீதத்தில் வந்து சந்திக்கின்றன. எனவே கழிவு வீதத்தைக் கேட்பவர் அது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பிடிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்காவிட்டால் விடை அரைகுறையானது.

இனி ஓ.டி.க்கு வருவோம். மாதாமாதம் வட்டி சேரும் 12.1 சதவீதத்தின் பயனுறு வட்டி 12.79. பில்லுடையது 12.96. அதே 97,000ஐ மூன்று மாதம் ஓ.டி.யில் எடுத்து வட்டியையும் கணக்கிலேயே சேரவிட்டால் 2,964 ரூபாய் ஆகும், பில்லில் 3,000. வித்தியாசம் 36 ரூபாய்தானே, இதற்கா இவ்வளவு கணக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குறைந்த வீதத்திலும் குறுகிய தவணையிலும் இடைவெளி சிறியது. பிராசஸிங் கட்டணம் ஒன்றே அதை விழுங்கிவிடும். ஆனால் i × d என்ற பெருக்கல், வீதம் ஏறும்போது அதைவிட வேகமாக ஏறும். 24 சதவீதக் கழிவில் மூன்று மாதப் பில்லின் பயனுறு வட்டி 28.08, ஆறு மாதப் பில்லுக்கு 29.13, ஓராண்டுக்கு மொத்தமாகப் பிடித்தால் 31.58. சந்தையில் அவசரத்துக்குப் பணம் புரட்டுபவர்கள் நிற்பது பெரும்பாலும் இந்த உயரத்தில்தான்.

கழிவு வீதம் காலங்காலமாக வந்த வழக்கம், சந்தையில் எல்லாரும் தெரிந்தே பேசுகிறார்கள் என்பது இன்னொரு வாதம். அமெரிக்க அரசின் கருவூல பில்கள் இன்றும் கழிவு வீதத்தில்தான் விலை பேசப்படுகின்றன, அதுவும் ஆண்டுக்கு 360 நாள் என்ற கணக்கில். 91 நாள் பில் 5 சதவீதம் என்றால் 100 டாலருக்கு விலை 98.736. 365 நாள் கணக்குக்கு மாற்றினாலே வீதம் 5.07 ஆகிவிடும், போட்ட பணத்தின்மேல் வகுத்தால் 5.13. இந்த வேறுபாடு இருப்பதால்தான் அந்நாட்டுக் கருவூலத் துறை கழிவு வீதத்தின் பக்கத்திலேயே வட்டிக்கு ஈடான வீதத்தையும் வெளியிடுகிறது. வழக்கத்தைக் கைவிடவில்லை, அதன் அருகே மாற்றிய எண்ணையும் வைத்திருக்கிறது. தேர்ந்த முதலீட்டாளர்களுக்கே அது தேவைப்படும்போது சிறு கம்பெனிக்காரருக்குத் தேவையில்லை என்று சொல்ல முடியாது.

இந்தச் சூத்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. தொகை முழுவதும் கடைசி நாளில் ஒரே தடவையாகத் திரும்பும் கடனுக்கு மட்டுமே அது செல்லும். தண்டலில் 10,000 என்று எழுதி 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிக்கும்போது i = d/(1−d) போட்டால் 100 நாளுக்கு 11.11, ஆண்டுக்குச் சுமார் 40 சதவீதம் என்று வரும். அது தவறு. அசல் முதல் நாளிலிருந்தே கரைவதால், சராசரியாகக் கையில் இருப்பது ஏறத்தாழப் பாதித்தொகைதான். ஒவ்வொரு நாள் தவணையையும் தனித்தனியே கணக்கில் எடுத்தால் பெயரளவு ஆண்டு வட்டி 77 சதவீதத்தைத் தாண்டுகிறது. முன்வட்டிக் கடனில் கையெழுத்துப் போடுமுன் கைக்கு வரும் தொகை எவ்வளவு, எந்தெந்தத் தேதியில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற இரண்டையும் எழுதி வாங்குங்கள். வகுக்க வேண்டியது கைக்கு வந்த தொகையால்தான். பத்திரத்தில் எழுதிய தொகையால் அல்ல.