பிரிக்ஸ் சற்றே குறைந்தால்

பாலசமுத்திரத்து வாடிக்கையாளர் ஒருவர், 14 பிரிக்ஸுக்குக் குறையாத தோத்தாபுரி மாம்பழக்கூழ் தருவதாக ஒப்பி, 215 கிலோ பீப்பாய்கள் நூறு அனுப்பினார் எனக் கொள்வோம். சரக்குச் சேர்ந்தபின், தம்மிடமுள்ள மாதிரியை மறுஆய்வு செய்தபோது 13.7 என்றே வந்தது. கரைந்த திடப்பொருள் 3,010 கிலோவுக்குப் பதில் 2,945.5 கிலோ, குறைவு ஏறத்தாழ 2.1 விழுக்காடு.

வாங்கியவர் கண்டறியுமுன் தாமே எழுதுவது நலம். தொகுதி எண், ஒப்பிய அளவு, கண்ட அளவு, அமிலத்தன்மை ஆகியவற்றைத் தெரிவித்து, 2.1 விழுக்காடு விலைக்கழிவுடன் இத்தொகுதியை மட்டும் ஏற்குமாறு வேண்டலாம்.

கடனுறுதிக் கடிதத்தின்கீழ் (எல்.சி.) விற்றிருப்பின், ஆய்வுச் சான்றிதழில் 14 எனத் திருத்துதல் மோசடியாகும். உண்மை அளவுடனேயே ஆவணங்களை எங்களிடம் தருக. வாங்கியவர் முரண்பாட்டை ஏற்றாலும், கடிதம் வழங்கிய வங்கியும் இசைந்த பின்னரே பணம் கிடைக்கும்.