உங்களுக்குத் தெரியுமா?

அசையாமல் படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல் இயங்க உடல் கலோரியைச் செலவழிக்கிறது. 1990-இல் வெளியான மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரம் அதை மதிப்பிடுகிறது: எடையை (கிலோ) 10-ஆலும் உயரத்தை (செ.மீ.) 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் 5 மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு ஆணுக்கு 5 கூட்டவும். பெண்ணுக்கு 161 கழிக்கவும்.

60 கிலோ, 155 செ.மீ., 40 வயதுப் பெண்ணுக்கு நாளுக்குச் சுமார் 1,208 கலோரி வரும். அதே அளவுள்ள ஆணுக்கு 1,374. இந்த 166 கலோரி வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம், சராசரியாக ஆண்களுக்குத் தசை அதிகம் என்பதே. ஆனால் உங்கள் எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. அதனால்தான் கட்டுமஸ்தான உடல்வாகு உள்ளவருக்கு அது குறைத்துச் சொல்லிவிடும். 1919-இன் ஹாரிஸ்-பெனடிக்ட் சூத்திரமோ அதே பெண்ணுக்குச் சுமார் 1,329 என்கிறது!