பன்னிரண்டு அடைக்கோழி, ஒரு தராசு

மகளிர் குழுக் கூட்டத்தில் கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் எனக்குக் கிடைப்பது அரை மணி நேரம். சேமிப்பு வசூலித்து, உள்கடன் கணக்குப் பார்த்து, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடிந்த பிறகுதான் கால்நடை மருத்துவருக்கு முறை வரும். அதற்குள் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளும் வந்துவிடும். அதனால் எந்த இனக் கோழி நல்லது, எந்த வங்கியில் கடன் என்றெல்லாம் நான் தொடங்குவதில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன்: “போன அடையில் எத்தனை குஞ்சு பொரித்தது, அதில் எத்தனை பெரிதாயிற்று?”

பதில் ஊருக்கு ஊர் அவ்வளவாக மாறாது. எட்டு பொரித்தது, மூன்று தேறியது. மீதி பருந்துக்கும் கீரிக்கும் வெள்ளைக்கழிச்சலுக்கும் போயிற்று. நாட்டுக்கோழியில் வருமானம் என்பது இந்த எட்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் இருக்கிறது. பத்துக் கோழி கூடுதலாக வாங்குவதால் அது நிரம்பாது. கூடுதலாகச் சாகும், அவ்வளவுதான்.

நோயை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. வெள்ளைக்கழிச்சல் வந்த கோழி இறகைத் தொங்கவிட்டு உட்காரும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்தபின் மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றுதான் வழி. பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வார வாக்கில் இன்னொரு முறை, எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. சிக்கல் எங்கே என்றால், சொட்டு மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு குஞ்சுக்குக் குறையாமல்தான் வருகிறது. ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் குஞ்சு வைத்திருக்கும் ஒரு வீட்டுக்காக யாரும் குப்பியை உடைக்க மாட்டார்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாம் வரும்போது அந்தக் குஞ்சுகள் ஒன்று வளர்ந்திருக்கும், இல்லையென்றால் செத்திருக்கும்.

இங்கேதான் குழுவுக்கு வேலை இருக்கிறது. பன்னிரண்டு பேர் ஒரே நாளில் அடை வைத்தால் ஒரே நாளில் குஞ்சு வரும். நூறு சொட்டு நூறு குஞ்சுக்குச் சரியாகப் போகும்.

“கோழி என்ன நாம சொன்ன தேதிக்கா அடைக்கு உக்காரும், டாக்டரம்மா?” என்று உடனே கேட்பார்கள். உட்காராது. ஆனால் உட்கார்ந்த கோழியைக் காத்திருக்க வைக்கலாம். ஒரு வார இடைவெளியில் ஊரில் பல கோழிகள் அடைக்கு வரும். முதலில் வந்ததன் அடியில் இரண்டு கூமுட்டையை வையுங்கள். அது நான்கைந்து நாள் அப்படியே கிடக்கும். அதற்குள் நல்ல முட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஏழு நாளுக்கு மேற்பட்ட முட்டை சரியாகப் பொரிக்காது, ஆகவே எடுத்த தேதியை ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதி, ஈர மணலில் பதித்த சட்டியில் துணி மூடி வைக்க வேண்டும். குறித்த நாள் இரவு கூமுட்டையை எடுத்துவிட்டு, கோழிக்குப் பத்தாக நல்ல முட்டையை நகர்த்திவிட்டால் 21ஆம் நாள் எல்லா வீட்டிலும் குஞ்சு சத்தம் கேட்கும். அடைக்கூடையில் இடிக்குப் பயந்து கரித்துண்டும் இரும்பும் மிளகாயும் போடுகிறவர்கள் போடட்டும். அதோடு கொஞ்சம் வேப்பிலையும் போடுங்கள். கோழி பாதியில் எழுந்து போவது பெரும்பாலும் இடியால் அல்ல, செள்ளுக் கடியால்.

ஏழாம் நாள் இரவு, டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் கரு உள்ளதில் சிவப்பு நரம்பு சிலந்திக் கால் போலப் பரவியிருக்கும். ஒன்றுமில்லாமல் தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம். ஒரு வீட்டில் பாதிக்கு மேல் தெளிவாக இருந்தால் கோழியைக் குறை சொல்லாதீர்கள், சேவலைப் பாருங்கள். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலாவது வேண்டும்.

கொட்டகைக்கு வருவோம். புறக்கடையில் கோழி பகலெல்லாம் வெளியில் மேய்கிறது. நாம் கட்டுவது இரவுக்கு மட்டும். வளர்ந்த கோழி ஒன்றுக்கு ஒன்றரைச் சதுர அடி போதும். பத்துக் கோழிக்கு ஐந்தடி நீளம், மூன்றடி அகலம். தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி, மூங்கில் பட்டையை ஓர் அங்குல இடைவெளியில் அடித்துத் தளம் போட்டால் எச்சம் கீழே விழுந்துவிடும். குஞ்சு இருக்கும் மாதங்களில் அதன்மேல் சாக்கை விரித்துக்கொள்ளலாம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே இறங்காது. தகரம் போடுகிறவர்கள் அதன்மேல் தென்னங்கீற்றை வேயுங்கள்.

வலை வாங்கும்போதுதான் பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பலர் ஏமாறுகிறார்கள். பெரிய கண் வலை விலை குறைவு. அதில் எலியும் பாம்பும் நுழையும். கீழ் இரண்டடிக்காவது அரை அங்குலக் கண் வலை வேண்டும். கீரி வலையைக் கிழிப்பதைவிட வலைக்கும் சட்டத்துக்கும் நடுவில் விட்ட சந்து வழியாகத்தான் அதிகம் வருகிறது. கட்டி முடித்ததும் சட்டத்தைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். இரண்டு விரல் நுழைந்தால் கீரிக் குட்டியும் நுழையும். கூண்டு சரியாக இருக்கிறதா என்பதை அதிகாலையில் கதவு திறந்ததும் குனிந்து மூக்கை உள்ளே நீட்டித் தெரிந்துகொள்ளலாம். கண் எரிந்தால் காற்று போகவில்லை என்று பொருள். சளிக்கு அதுதான் முதல் காரணம்.

சந்தையில் வாங்கிய கோழியை அன்றே இந்தக் கூண்டில் விடக் கூடாது. மூன்று வாரம் தனிப் பஞ்சாரத்தில், வீட்டின் மறுபக்கம் இருக்கட்டும். ஊருக்குள் கழிச்சல் வருவது பல நேரம் சந்தைப் பையில்தான்.

தீனியில் பெரிய தப்பு, குஞ்சுக்கு வெறும் குருணை போடுவது. வயிறு நிறையும், உடம்பு வளராது. இறக்கை தொங்கும், இறகு முளைக்கத் தாமதமாகும். முதல் எட்டு வாரம் கடையில் விற்கும் குஞ்சுத்தீவனம்தான் சரி. ஒரு குஞ்சு அந்த எட்டு வாரத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தின்னும். நூறு குஞ்சுக்கு ஐம்பது கிலோ மூட்டை மூன்று. சில்லறையாக வாங்கினால் விலையும் கூட, எந்த மூட்டையில் எத்தனை நாள் கிடந்தது என்றும் தெரியாது. ஒரே வயதுக் குஞ்சாக இருந்தால் ஒரே நேரத்தில் மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். பூசணம் வாடை அடித்தால், அல்லது பிண்ணாக்கில் பச்சை படிந்திருந்தால், காய வைத்துக்கூடப் போடக் கூடாது. பூசண நஞ்சு வெயிலில் போகாது.

காசு கொடுத்து வாங்கிய தீவனத்தைத் தாய்க்கோழி தின்றுவிடும். பஞ்சாரத்தைச் செங்கல்மேல் மூன்று விரல்கடை உயரத்தில் தூக்கிவைத்து உள்ளே தீவனத்தை வையுங்கள். குஞ்சு நுழையும், தாய் வெளியில் நிற்கும். காசில்லாத புரதத்துக்குக் கரையான் இருக்கிறது. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை எல்லாம் அடைத்துத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானைக்குள் ஊறிக்கொண்டிருக்கும். வீட்டு வாசற்காலுக்குப் பக்கத்தில் மட்டும் கவிழ்க்காதீர்கள்.

பெரிய கோழிக்கு எவ்வளவு போடுவது என்பதைக் கோழியே சொல்லும். அடையும் நேரத்தில் பிடித்துக் கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தடவிப் பாருங்கள். கெட்டியாக நிறைந்திருந்தால் அன்று மேய்ச்சல் போதும். தொய்ந்திருந்தால் கம்போ சோளமோ ஒரு கைப்பிடி, நாற்பது கிராம் போல. அதையும் சாயங்காலம் கூண்டுக்கு முன்னால் போடுங்கள். “எங்க கோழி மரத்துலதான் அடையும்” என்கிறவர்கள் இதை ஒரு வாரம் செய்து பார்த்தால் போதும்.

இனி விற்பனை. பன்னிரண்டு வீட்டில் 120 முட்டை அடை வைத்து, வீட்டுக்கு எட்டாகப் பொரித்து, ஆறு தேறியதாக வைத்துக்கொள்வோம். பாதி சேவல், பாதி பெட்டை. பெட்டையை முட்டைக்கு நிறுத்திக்கொண்டால் ஐந்தாம் மாதம் வீட்டுக்கு மூன்று சேவல், மொத்தம் 36. ஒன்று ஒன்றேகால் கிலோ என்றால் 45 கிலோ.

வீட்டு வாசலில் சைக்கிளில் வரும் வியாபாரி தராசு கொண்டுவர மாட்டார். கையில் தூக்கிப் பார்த்து, “முன்னூத்தம்பது தரேன்க்கா” என்பார். மூன்றுக்கும் 1,050 ரூபாய். அதையே கிலோ 400 ரூபாய் என்று எடை போட்டு விற்றால் 1,500. ஒரு சேவலை வளர்க்கத் தீவனச் செலவு சுமார் 175 என்று போட்டால் மூன்றுக்கும் 525 போகும். வாசல் விற்பனையில் கையில் நிற்பது 525. எடை விற்பனையில், கிலோவுக்குப் பத்து ரூபாய் குழு நிதிக்குக் கொடுத்த பிறகும் 930க்கு மேல் நிற்கும். விலையும் செலவும் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இது குடும்பத்தை நடத்தும் வருமானம் அல்ல. அப்படி யாராவது சொன்னால் அவர் குஞ்சு விற்க வந்தவராக இருக்கும்.

எடை போட்டுக் கேட்க 45 கிலோ ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மூன்று சேவலுக்கு எந்தக் கறிக்கடைக்காரரும் வண்டி அனுப்ப மாட்டார். 36க்கு அனுப்புவார், இரண்டு மூன்று பேரிடம் விலையும் கேட்கலாம். மாதத்தையும் பார்க்க வேண்டும். புரட்டாசியில் கறி விற்காது. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட வீடுகள் வாங்காது. வைகாசித் தொடக்கத்தில் அடை வைத்தால் சேவல் ஐப்பசியில், தீபாவளியை ஒட்டி எடைக்கு வரும். ஆனால் அது கோடை. முட்டை சீக்கிரம் கெடும், மணல் சட்டியை அப்போது மறக்கவே கூடாது.

எடை நாளில் சண்டை வராமலிருக்க இரண்டு ஏற்பாடு போதும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறத்தில் காலில் நூல். எடை காலையில், தீனி வைப்பதற்கு முன். முந்திய இரவு வயிறு புடைக்க ஊட்டிக் கொண்டுவருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஊக்குநர் எடையைச் சத்தமாகச் சொல்ல, பிரதிநிதி எழுத, பணம் அங்கேயே கைக்குக் கை. “அடுத்த கூட்டத்துல தர்றேன்” என்று ஒருமுறை தள்ளினால் அடுத்த தடவை பாதிப் பேர் வாசலிலேயே விற்றுவிடுவார்கள்.

அப்படியும் நடுவில் ஒருத்தி விற்கத்தான் செய்வாள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம், மாமியாருக்கு மருத்துவச் செலவு என்று திடீரென்று வரும். சேவல் மூன்றரை மாதத்தில் 800 கிராம் இருக்கும்போதே வியாபாரி கைக்குப் போகும். இதற்கு அவளைத் திட்டிப் பயனில்லை. குழுவில் உள்கடன் என்று ஒன்று இருப்பது இதற்குத்தான். மூன்று சேவலின் பேரில் 500 ரூபாய் கொடுத்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எடை நாளில் கழித்துக்கொள்ளலாம்.