ஒழுகும் கூரை, ஒழுங்கான கடிதம்

சென்னையில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஒருவர் வீட்டு உரிமையாளருக்கு எழுதிய முதல் கடிதம் இப்படித் தொடங்கியது: “எத்தனை தடவை சொல்வது? வீடா இது, குளமா?” கோபம் நியாயம்தான். ஆனால் எங்கே, எப்போது ஒழுகியது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

வழக்கறிஞரான நண்பர் அதைத் திருத்திக் கொடுத்தார்.

“ஜூன் 3, ஜூலை 11, ஆகஸ்ட் 2 ஆகிய நாட்களில் படுக்கையறையின் வடகிழக்கு மூலையில் தண்ணீர் சொட்டியது. ஜூலை 14 அன்று மேலே பூசிய சிமெண்ட் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. மழையில்லாத நாளிலும், மேல்வீட்டுக் குளியலறையைப் பயன்படுத்தியதும் சொட்டுகிறது. பிளம்பரை வைத்துக் குழாயைச் சோதித்து, 15 நாட்களுக்குள் சரிசெய்து தரவும். படங்கள் இணைப்பில்.”

மழையில்லாத நாளைக் குறிப்பிட்டதுதான் இதில் முக்கியம். மழைக்கு மட்டும் ஒழுகினால் மொட்டைமாடித் தளத்தைச் சந்தேகிக்கலாம். குளிக்கும்போது ஒழுகினால் குழாயையோ குளியலறைத் தரையையோ பார்க்க வேண்டும். “உங்கள் குழாயில்தான் கசிவு” என்று அடித்துச் சொல்லாமல், கண்டதை மட்டும் எழுதியதால் மறுக்க இடமில்லை.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், குழாய் மாற்றுவதும் கட்டுமானப் பழுது பார்ப்பதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய்த் திருகின் வாஷரை மாற்றுவது வாடகைதாரர் பொறுப்பு.

கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் பதிவு வசதியோடு அனுப்பி, ஒரு நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.