தங்கத்தோடு எவ்வளவு பங்கு சேர்க்கலாம்?

சேமிப்பை முழுக்கத் தங்கத்தில் வைத்திருக்கும் ஒருவரிடம், "ஏற்ற இறக்கம் குறையணும்னா கொஞ்சம் பங்குச் சந்தையிலயும் போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். தங்கத்தைவிடப் பங்கு அதிகம் ஆடும் என்பது அவருக்குத் தெரியும். அதிகம் ஆடுவதைக் கொண்டுவந்து சேர்த்தால் ஆட்டம் எப்படிக் குறையும்?

பெரும்பாலும் குறையத்தான் செய்யும். எந்த அளவு சேர்த்தால் மிக அதிகமாகக் குறையும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். முதலீட்டை இப்படிக் கணக்காகப் பார்க்கும் வழியை 1952-ல் ஒரு கட்டுரையில் முன்வைத்தவர் அமெரிக்கரான ஹாரி மார்கோவிட்ஸ். 1990-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

கணக்குக்குச் சில எண்கள் தேவை. கீழே வருபவை சந்தை நிலவரம் அல்ல, எளிதாக இருக்க நான் வைத்துக்கொண்டவை. பங்கு ஃபண்டு ஒன்றில் ஆண்டுக்கு 12 சதவீத வருவாயை எதிர்பார்க்கிறோம், தங்கத்தில் 8 சதவீதம். ஆட்டத்தை அளக்க, பத்தாம் வகுப்பில் படித்த திட்ட விலக்கமே போதும். பங்குக்கு அது 20 சதவீதம், தங்கத்துக்கு 15. மூன்றாவதாக ஒரு எண்ணும் வேண்டும். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா, தனித்தனியாகவா என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு அது. முழுக்கச் சேர்ந்தே போனால் 1, நேர் எதிராகப் போனால் −1. இங்கே பூஜ்ஜியம் என்று வைப்போம்: ஒன்றின் போக்கைப் பார்த்து மற்றதன் போக்கைச் சொல்ல முடியாது.

பங்கில் போட வேண்டிய விகிதத்தை w என்றால்,

```
w = (σ₂² − ρσ₁σ₂) / (σ₁² + σ₂² − 2ρσ₁σ₂)
```

σ₁ பங்கின் திட்ட விலக்கம், σ₂ தங்கத்தினுடையது, ρ ஒட்டுறவுக் கெழு. ρ பூஜ்ஜியம் என்பதால் பாதிச் சூத்திரம் மறைந்துவிடுகிறது. 225-ஐ 625-ஆல் வகுத்தால் 0.36. பங்கில் 36 சதவீதம், தங்கத்தில் 64.

கலவையின் ஆட்டம் எவ்வளவு? 20-ஐயும் 15-ஐயும் இந்த விகிதத்தில் கலந்து 16.8 என்று சொல்லத்தான் கை போகும். அது தவறு. திட்ட விலக்கங்களை இப்படிச் சராசரி எடுப்பது, இரண்டும் எப்போதும் சேர்ந்தே ஆடும்போதுதான் சரிவரும். இங்கே வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும்: 0.36-இன் வர்க்கத்தை 400-ஆல் பெருக்கினால் 51.84, 0.64-இன் வர்க்கத்தை 225-ஆல் பெருக்கினால் 92.16, மொத்தம் 144. அதன் வர்க்கமூலம் 12. தனித்தங்கத்தின் 15 சதவீத ஆட்டம், அதைவிட முரடான பங்கைச் சேர்த்ததும் 12 ஆகிவிட்டது.

வருவாய்க்கு மட்டும் சாதாரணச் சராசரி செல்லும். 0.36 × 12, 0.64 × 8 இரண்டையும் கூட்டினால் 9.44 சதவீதம். தனித்தங்கத்தைவிட ஆட்டமும் குறைவு, வருவாயும் அதிகம். இதே எண்களில் பங்கை 72 சதவீதம் வரை கொண்டுபோனால் ஆட்டம் தனித்தங்கத்தின் 15-க்கே திரும்பிவரும், ஆனால் எதிர்பார்க்கும் வருவாய் 10.88. தங்கம் மட்டும் வைத்திருப்பவர் விட்டுக்கொடுப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

போட்ட கணக்கு சரியா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒட்டுறவு பூஜ்ஜியமாக இருக்கும்போது 0.36-ஐ 400-ஆலும் 0.64-ஐ 225-ஆலும் பெருக்குங்கள். இரண்டுக்கும் 144 வரும், கலவைக்கு வந்த அதே எண். இது தற்செயல் அல்ல. அடுத்த ஒரு ரூபாயைப் பங்கில் போட்டாலும் தங்கத்தில் போட்டாலும் மொத்த ஆட்டத்தில் ஒரே மாற்றம்தான் என்பது இதன் பொருள். ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் அங்கிருந்து பணத்தை எடுத்து மறுபக்கம் வைத்து ஆட்டத்தை இன்னும் குறைக்கலாம். அப்படி நகர்த்த எதுவும் மிச்சமில்லாத இடமே அடிமட்டம்.

சூத்திரத்தை இன்னொரு தடவை பாருங்கள். 12-ம் 8-ம் அதில் எங்குமே இல்லை. விகிதத்தைத் தீர்மானிப்பவை திட்ட விலக்கங்களும் ஒட்டுறவும் மட்டும்தான். வருவாய் கடைசியில் வந்து விழும் விளைவு, அவ்வளவே. இதை மறந்தால் விபரீதமாகிவிடும். ஒட்டுறவை 0.9 ஆக்கிப் பாருங்கள், w மைனஸ் 0.53 என்று வரும். பங்கைக் கடன் வாங்கி விற்று, அந்தப் பணத்தையும் சேர்த்துத் தங்கத்தில் 153 சதவீதம் போடச் சொல்கிறது கணக்கு. அப்போது எதிர்பார்க்கும் வருவாய் 5.88 சதவீதம், இரண்டில் எதைத் தனியாக வைத்திருந்தாலும் கிடைப்பதைவிடக் குறைவு. ஆட்டமோ 15-லிருந்து 14.2-க்குத்தான் இறங்குகிறது. சூத்திரத்தைக் குறை சொல்ல முடியாது, கேட்டதை அது கொடுத்துவிட்டது. கேட்டவர்தான் வருவாயைப் பற்றிக் கேட்கவே இல்லை.

மைனஸ் எப்போது வரும் என்பதை முன்கூட்டியே அறியலாம். சிறிய திட்ட விலக்கத்தைப் பெரியதால் வகுத்தால் இங்கே 0.75. ஒட்டுறவு அதைத் தாண்டினால், முரடானதைச் சேர்ப்பதால் ஆட்டம் குறையாது. ஃபண்டில் சேமிக்கும் சாதாரண முதலீட்டாளர் கடன் வாங்கி விற்கப் போவதில்லை. அவருக்கு விடை பூஜ்ஜியம், முழுக்கத் தங்கம்.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? எதிர்பார்க்கும் வருவாய்தான் இருப்பவற்றிலேயே பலவீனமானது. 20 சதவீதம் ஆடும் பங்கின் 25 ஆண்டு விவரத்தைக் கையில் வைத்துச் சராசரி எடுத்தாலும், 20-ஐ 25-இன் வர்க்கமூலத்தால் வகுக்கும்போது திட்டப்பிழை மட்டுமே 4 சதவீதம். 12 என்று நாம் சொல்வது 8 ஆகவும் இருக்கலாம், 16 ஆகவும் இருக்கலாம். விகிதத்தைக் காண வருவாய் மதிப்பீடு தேவைப்படாதது இந்த முறையின் பெரிய வசதி. ஆனால் 9.44 என்று இரண்டு தசம இடத்துக்கு எழுதுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

ஒட்டுறவும் நிலையாக நிற்காது. 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் உலகச் சந்தைகள் சரிந்தபோது, எல்லாரும் ரொக்கத்துக்கு ஓடியதால் தங்கமும் சில நாள் சேர்ந்தே விழுந்தது. தேவைப்பட்ட நாளில்தான் அந்தப் பூஜ்ஜியம் காணாமல் போனது. நம் கணக்கில் ஒட்டுறவு 0.2 என்றால் பங்கின் விகிதம் சுமார் 33 சதவீதம், ஆட்டம் 13.1.

நல்லவேளையாக அடிமட்டம் கூர்மையான பள்ளமல்ல, தட்டையானது. ஒட்டுறவு பூஜ்ஜியம் என்றே வைத்து, 36-க்குப் பதில் பாதிக்குப் பாதி போட்டால் ஆட்டம் 12-லிருந்து 12.5 ஆகிறது, வருவாய் 10 சதவீதமாகிறது. அரை சதவீத ஆட்டத்துக்கு அரை சதவீதத்துக்கு மேல் வருவாய், என் கணக்கில் மோசமான பேரம் அல்ல. மார்கோவிட்ஸும் தன் ஓய்வூதியச் சேமிப்பைப் பங்கிலும் கடன் பத்திரத்திலும் பாதிக்குப் பாதி பிரித்துப் போட்டதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். முறைப்படி கணக்குப் போட்டிருக்க வேண்டியவர்தான். பங்கு ஏறும்போது தான் அதில் இல்லாமல் போனாலோ, இறங்கும்போது முழுக்க அதிலேயே இருந்தாலோ பின்னால் எவ்வளவு வருந்துவோம் என்று நினைத்துப் பார்த்துப் பிரித்தாராம்.