சூடேறும் கிராபிக்ஸ் கார்டு: நின்ற ஃபேன், அடைத்த தூசு, தடிமன் மாறிய பேட்

கம்ப்யூட்டரை ஆன் செய்து திரை வந்த பிறகும் கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் அசையாமல் நிற்பது பெரும்பாலும் பழுது அல்ல. கடந்த பத்தாண்டுகளில் வந்த கார்டுகளில் பல, சிப்பின் வெப்பம் ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரியைத் தொடும் வரை ஃபேனைத் தாமாகவே நிறுத்தி வைக்கின்றன. சத்தமும் மிச்சம், பேரிங் தேய்மானமும் மிச்சம். பிரவுசரோ படமோ ஓடும்போது நின்றிருக்கும் ஃபேன், கேம் தொடங்கி ஓரிரு நிமிடங்களில் சுழன்றாக வேண்டும். வெப்பம் 70 டிகிரியைக் கடந்தும் நின்றபடியே இருந்தால்தான் ஸ்க்ரூடிரைவரைத் தேட வேண்டிய வேலை.

இன்னொரு கணக்கும் முதலிலேயே தெளிவாக வேண்டும். வாணியம்பாடிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய நாட்றம்பள்ளியில், மே மாதப் பிற்பகலில் ஷீட் கூரை போட்ட மாடி அறை 38, 40 டிகிரிக்குப் போவது சாதாரணம். வீடியோக்களில் வரும் கார்டு சோதனைகளோ பெரும்பாலும் 22 முதல் 25 டிகிரி அறைகளில் நடந்தவை. ஹீட்சிங்க் சிப்பின் சூட்டை அறைக் காற்றிடம்தான் ஒப்படைக்கிறது. காற்று 15 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் சிப்பும் ஏறத்தாழ அதே அளவு கூடுதலாகச் சூடாகும். அங்கே 66 டிகிரி காட்டிய கார்டு இங்கே 80, 81 காட்டினால் அதில் கோளாறு எதுவும் இல்லை. எனவே பார்க்க வேண்டியது வெறும் வெப்ப எண்ணை அல்ல. அறையின் வெப்பத்தைக் கழித்த மீதியை. சுவரில் மாட்டும் சாதாரண தெர்மாமீட்டர் ஒன்று இந்த வேலைக்குப் போதும்.

கார்டைக் கழற்றும் முன் எண்களைப் பார்க்க வேண்டும். என்விடியா கார்டுகளுக்கு டிரைவருடனேயே வரும் கட்டளை இது. கேம் ஓடும்போது வினாடிக்கு ஒரு வரி எழுதும்:

```
nvidia-smi --query-gpu=temperature.gpu,fan.speed,clocks.sm,power.draw --format=csv -l 1
```

இதில் ஒரு பொறி உண்டு. fan.speed என்ற இடத்தில் வருவது ஃபேன் எந்த வேகத்தில் சுழல வேண்டும் என்று கார்டு கேட்ட அளவுதானே தவிர, ஃபேன் உண்மையில் சுழலும் வேகம் அல்ல. ஃபேன் சிக்கி நின்றிருந்தாலும் அங்கே 80 சதவீதம் என்றே தெரியும். உண்மையான சுற்றுகளைக் காண GPU-Z அல்லது HWiNFO தேவை. அவையும் ஃபேனிலிருந்து வரும் துடிப்புகளை எண்ணித்தான் சொல்கின்றன. சில கார்டுகளில் இரண்டு ஃபேன்கள் ஒரே இணைப்பில் கோக்கப்பட்டு, ஒன்றின் துடிப்பு மட்டுமே போர்டுக்குப் போகும். மற்றது செத்துப் போயிருந்தாலும் திரை அறியாது. டார்ச் அடித்துக் கண்ணால் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு.

MSI Afterburner போன்ற மென்பொருளில் ஃபேனைக் கையால் 70 சதவீதத்துக்கு ஏற்றியும் சுழலவில்லை என்றால், முதலில் கம்ப்யூட்டரை அணைத்து, மின் வயரையும் பிடுங்கிவிட்டு, இறகை விரலால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். வயர் ஏதாவது இறகில் உரசி நிற்பது நினைப்பதைவிட அதிகம். இறகு தாராளமாகச் சுற்றிச் சில சுற்றுகள் ஓடி நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. பிசுக்கென்று உடனே நின்றால் உள்ளே எண்ணெய் காய்ந்துவிட்டது. ஸ்லீவ் பேரிங் ஃபேனின் நடு ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் சில வாரமோ சில மாதமோ ஓடும். புது ஃபேன் வந்து சேரும் வரை தாக்குப்பிடிக்கும் ஏற்பாடாக மட்டுமே இதைக் கொள்ளலாம்.

இறகு நன்றாகச் சுற்றியும் ஓடவில்லை என்றால் சந்தேகம் ஃபேன் ஹெடர் மேல் போகிறது. ஃபேனின் வயர் வந்து கார்டின் போர்டில் சொருகும் சிறிய வெள்ளை அல்லது கறுப்பு சாக்கெட் அது. பொதுவாக நான்கு பின்கள்: தரை, 12 வோல்ட், சுற்றுகளை எண்ணும் துடிப்பு வயர், வேகத்தைக் கட்டுப்படுத்தும் வயர். பழைய கார்டுகளிலும் விலை குறைந்தவற்றிலும் இரண்டே பின் இருக்கும். மதர்போர்டு ஃபேன் பிளக்கைவிட இது சிறியது. அதை இதில் சொருக முடியாது. கழற்றும்போது வயரை இழுக்காமல் பிளக்கின் உடலைப் பிடித்து அசைத்து எடுக்க வேண்டும். வயரை இழுத்தால் பின்னோடு வந்துவிடும், சில சமயம் சாக்கெட்டே பெயர்ந்துவிடும்.

இரண்டு ஹெடர் உள்ள கார்டில் மீட்டர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். பிளக்குகளை இடம் மாற்றிச் சொருக வேண்டும். நின்ற ஃபேன் மற்ற ஹெடரிலும் நின்றால் குற்றம் ஃபேனில். அது ஓடத் தொடங்கி, ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோனால் குற்றம் ஹெடரில். ஒரே ஹெடர் என்றால் மல்டிமீட்டர்தான் வழி. ஃபேனை மென்பொருளில் ஏற்றி வைத்து, தரைக்கும் 12 வோல்ட் பின்னுக்கும் இடையே 12 வோல்ட்டை ஒட்டி வருகிறதா என்று அளக்க வேண்டும். பின்கள் நெருக்கமானவை. மீட்டரின் முனை வழுக்கி 12 வோல்ட்டைப் பக்கத்துப் பின்னோடு இணைத்துவிட்டால் ஃபேனைக் கட்டுப்படுத்தும் சிப் போய்விடும். கை பழகாதவர்கள் இந்த ஒரு சோதனையைக் கடைக்காரரிடம் விடுவது நல்லது.

ஃபேன்தான் போயிருக்கிறது என்றால், நடுவில் உள்ள ஸ்டிக்கரின் எண், இறகின் விட்டம், திருகு ஓட்டைகளுக்கு இடையேயான தூரம், பின்களின் எண்ணிக்கை இந்த நான்கும் பொருந்தும் ஃபேன் வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ தேடுகிறவர் கார்டின் பெயரைச் சொல்வதைவிட ஸ்டிக்கரைப் படம் பிடித்துப் போவது பலன் தரும். ஒரே பெயரில் வரும் கார்டிலேயே தயாரிப்பாளர்கள் இடையில் ஃபேனை மாற்றிவிடுவது உண்டு.

அடுத்தது தூசு. ஃபேன் ஓடுகிறது, சத்தமும் ஏறுகிறது, ஆனால் சூடு இறங்கவில்லை என்றால் முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான். நெடுஞ்சாலைப் புழுதி பொடியாக இருப்பதால் ஊதினால் போய்விடும். அடுப்படி எண்ணெய்ப் புகையும் ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையும் கலந்த தூசு போகாது. அது பசை போல ஒட்டி, ஹீட்சிங்க் தகடுகளின் மேல் கம்பளி விரித்தாற்போல் படியும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோலைத் தேய்க்கும் பஃபிங் வேலை நடக்கும் இடத்தருகே வீடு என்றால் அதில் தோல் நாரும் சேர்ந்துகொள்ளும். இந்தப் படலம் ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் இறகுகள் சுத்தமாகவே தெரியும்.

கார்டை வெளியே எடுத்து, ஃபேன்கள் பொருத்திய பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் அது தெரியும். பல மாடல்களில் இதற்கு ஹீட்சிங்கைத் தொட வேண்டியதில்லை. பக்கவாட்டுத் திருகுகள் போதும். பெயிண்ட் பிரஷ்ஷால் இளக்கிவிட்டு புளோயரால் ஊத வேண்டும். ஊதும்போது ஃபேன் இறகை விரலால் பிடித்துக்கொள்வது கட்டாயம். இல்லாவிட்டால் அது அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் போய் ஊதிவருவது பலர் செய்யும் வேலை. அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

ஒரு கார்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். இரண்டு ஃபேன் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060. என்விடியா சொல்லும் மின்செலவு 170 வாட், வெப்ப உச்சவரம்பு 93 டிகிரி. அறை 38 டிகிரி. கேம் ஓடிக் கால் மணி நேரத்தில் சிப் 85, ஹாட்ஸ்பாட் 98, ஃபேன் உச்ச வேகத்தில், கிளாக் மெல்ல இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹாட்ஸ்பாட் என்பது சிப்பிலேயே மிகச் சூடான புள்ளி. இரண்டுக்கும் வித்தியாசம் 13 டிகிரி, இது ஆரோக்கியமானது. சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூடு சரியாகப் போகிறது, ஹீட்சிங்கிலிருந்து காற்றுக்குத்தான் போகவில்லை. இனி கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து வைத்து அதே கேமை ஓட்ட வேண்டும். வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கினால் கேபினெட்டில் காற்றோட்டம் இல்லை. கம்ப்யூட்டர் மேசையின் மூடிய அறைக்குள் சிபியுவை அடைத்து வைத்த வீடுகளில் இதுதான் நடக்கும். இறங்கவில்லை என்றால் தூசு. இந்த நிலையில் பேஸ்ட்டையும் பேட்டையும் மாற்றுவது வீண் செலவு.

அதே கார்டு சிப் 80, ஹாட்ஸ்பாட் 108 என்று காட்டினால் கதை வேறு. 28 டிகிரி வித்தியாசம் என்றால் சிப்பின் மேல் உள்ள பேஸ்ட் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது அல்லது ஹீட்சிங்க் சரியாக அழுந்தவில்லை. இப்போதுதான் ஹீட்சிங்கைக் கழற்ற நியாயம் உண்டு. வாரண்டி மிச்சமிருந்தால் திருகின் மேல் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்து, கடையில் கேட்டுவிட்டுத் தொட வேண்டும்.

ஹீட்சிங்கைக் கழற்றியதும் சிப்பில் பேஸ்ட்டும், அதைச் சுற்றிய மெமரி சிப்களிலும் மின்சாரப் பகுதியிலும் மெத்தென்ற தெர்மல் பேட்களும் தெரியும். பேட்டின் வேலை இடைவெளியை நிரப்புவது. அது இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு இவிஜிஏ நிறுவனத்தின் அனுபவம் சான்று. அதன் ஏசிஎக்ஸ் 3.0 கூலர் பொருத்திய ஜிடிஎக்ஸ் 1070, 1080 கார்டுகளின் மின்சாரப் பகுதி அளவு மீறிச் சூடாவதாக 2016 இறுதியில் புகார் எழுந்தது. கேட்ட வாடிக்கையாளர்களுக்கு நிறுவனம் கூடுதல் பேட்களை இலவசமாக அனுப்பியது. ஃபேன் வேகத்தைக் கூட்டும் பயாஸும் வெளியிட்டது. சிப்பின் வெப்ப எண் ஒழுங்காக இருந்த நிலையில் பக்கத்துப் பாகங்கள் வெந்துகொண்டிருந்தன என்பதே அதில் கவனிக்க வேண்டியது.

மெமரியின் சூடு எல்லாக் கார்டிலும் திரையில் தெரிவதில்லை. ஆர்டிஎக்ஸ் 3080 போல ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி உள்ளவற்றில் தெரியும். அங்கே 110 டிகிரியில் கார்டு வேகத்தைக் குறைக்கும். ஏஎம்டியின் அண்மைக்கால கார்டுகளிலும் தெரியும். ஆர்டிஎக்ஸ் 3060ல் தெரியாது. அதில் சிப் வெப்பம் சாதாரணமாக இருந்தும் அரை மணி நேரம் கழித்துத் திரையில் நிறக் கட்டங்களும் புள்ளிகளும் வந்தால் மெமரி பேட்டை ஐயப்படலாம், மெமரியே பழுதாகியிருக்கும் வாய்ப்பும் உண்டு என்றாலும்.

பேட் மாற்றுவதில் நடக்கும் பெரிய தவறு தடிமனில்தான். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் பேட்களின் மேல் தூக்கி நின்று சிப்பைச் சரியாகத் தொடாது. மெமரி குளிர்ந்து சிப் கொதிக்கும். 0.5 வைத்தால் பேட் ஹீட்சிங்கைத் தொடாது. பழைய பேட்டை அளக்கும்போது அழுந்தாத ஓரத்தை வெர்னியரால் அளக்க வேண்டும், அழுந்திய நடுப்பகுதி குறைத்தே காட்டும். ஒரே கார்டில் மெமரிக்கு ஒரு தடிமன், மின்சாரப் பகுதிக்கு வேறு தடிமன் இருப்பது வழக்கம். ஐயம் இருந்தால் மென்மையான பேட்டை எடுப்பது பாதுகாப்பு. உறையில் அச்சிட்ட வெப்பக் கடத்து எண் பெரிதாக இருக்கிறது என்று கெட்டியான பேட்டை வாங்குவது வம்பு. மூடும் முன் ஒருமுறை பூட்டி, உடனே கழற்றிப் பார்த்தால் சிப் முழுவதும் பேஸ்ட் மெல்லிய படலமாக அழுந்தியிருக்க வேண்டும், ஒவ்வொரு பேட்டிலும் பள்ளம் பதிந்திருக்க வேண்டும். சிப்பைச் சுற்றிய நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை, சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். பழைய பேட்டிலிருந்து போர்டில் கசிந்திருக்கும் எண்ணெய் சிலிக்கோன் எண்ணெய். மின்சாரத்தைக் கடத்தாது; ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போகும்.

2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறையைக் கைவிட்டபோது பழைய கார்டுகள் சந்தைக்கு மலிவாக வந்தன. இரவு பகலாக ஓடிய அவற்றில் ஃபேன் பேரிங்கும் பேட்களும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வாங்கும் முன் கால் மணி நேரம் கேம் ஓட்டி ஹாட்ஸ்பாட்டைப் பார்ப்பது நல்லது.

எதைக் கழற்றினாலும் தீராத சூடும் உண்டு. ஏஎம்டியின் சொந்த வடிவமைப்பில் 2022 டிசம்பரில் வந்த ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகள் சிலவற்றில் ஹாட்ஸ்பாட் 110 டிகிரிக்குப் போனது. ஹீட்சிங்கின் உள்ளே சூட்டைக் கடத்த வேண்டிய வேப்பர் சேம்பரில் தண்ணீர் போதவில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டு கார்டுகளை மாற்றித் தந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் அறைதான் சூடு என்றால் மின்செலவைக் குறைக்கலாம். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கட்டளைத் திரையில் `nvidia-smi -pl 140` என்று கொடுத்தால் ஆர்டிஎக்ஸ் 3060 தன் 170 வாட்டுக்குப் பதில் 140 வாட்டுக்குள் நிற்கும். சூடு கணிசமாக இறங்கும், கேமின் வேகம் கொஞ்சமே குறையும். கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்ததும் இந்த வரம்பு பழைய நிலைக்குப் போய்விடுவதால், கோடை முடியும் வரை ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டியிருக்கும்.