மாடிப்படி விளக்கு: இரண்டு சுவிட்சுக்கு நடுவே ஓடும் இரண்டு ஒயர்

கீழே விளக்கைப் போட்டுவிட்டு மாடி ஏறி, மேலே போனதும் அணைக்க வேண்டும். வீடு கட்டும் எல்லாரும் கேட்கும் வசதிதான் இது. ஆனால் பெரும்பாலும் பூச்சு வேலை முடிந்து, சுவிட்ச் மாட்டும் நாளில்தான் ஞாபகம் வருகிறது. அப்போது கடையில் டூ வே சுவிட்ச் கிடைக்கும். சுவருக்குள் ஒயர் இருக்காது.

சாதாரண சுவிட்சின் பின்னால் ஒயர் மாட்ட இரண்டு திருகு இருக்கும். டூ வேயில் மூன்று. அதில் ஒன்று காமன். சுவிட்சை ஒரு பக்கம் தட்டினால் காமன் முதல் திருகோடு சேரும், மறுபக்கம் தட்டினால் அடுத்த திருகோடு சேரும். கீழ் சுவிட்சின் காமனுக்கு பேஸ் வருகிறது. மேல் சுவிட்சின் காமனிலிருந்து விளக்குக்கு ஒயர் போகிறது. மீதியுள்ள இரண்டிரண்டு திருகுகளையும் இரண்டு ஒயர்கள் இணைக்கின்றன. இரண்டு சுவிட்சும் ஒரே ஒயரைத் தொட்டால் விளக்கு எரியும், வேறு வேறு ஒயரைத் தொட்டால் அணையும். அதனால்தான் இந்தச் சுவிட்சுகளுக்கு 'ஆஃப்' என்று நிலையான பக்கமே கிடையாது. பல்பு மாற்றும்போது சுவிட்ச் இருக்கும் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், எம்.சி.பி.யை இறக்கிவிட்டே ஹோல்டரில் கை வையுங்கள்.

கீழ் ஹாலில் ஒரு சுவிட்ச் பாக்ஸ், படி திரும்பும் இடத்தில் விளக்கு, மாடியில் இன்னொரு பாக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கீழ் பாக்ஸிலிருந்து விளக்கு வரை ஒரு பைப், விளக்கிலிருந்து மேல் பாக்ஸ் வரை ஒரு பைப். முதல் பைப்பில் மூன்று ஒயர்: சுவிட்சுகளை இணைக்கும் இரண்டு, விளக்குக்கான நியூட்ரல் ஒன்று. இரண்டாவதிலும் மூன்று: அதே இரண்டு ஒயர், மேல் காமனிலிருந்து விளக்குக்குத் திரும்பி வருவது ஒன்று. விளக்கு உலோகக் கூடாக இருந்தால் கீழிருந்து எர்த் ஒயரும் வர வேண்டும். சுவரில் காடி வெட்டும்போதே எலக்ட்ரீஷியனிடம் இதைச் சொல்லிவிட்டால் செலவு சில மீட்டர் ஒயர்தான். இணைக்கும் இரண்டு ஒயருக்கும் தனி நிறம் கொடுக்கச் சொல்லுங்கள். பிற்பாடு பழுது பார்ப்பவர் வாழ்த்துவார்.

வேலை முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். கீழ் சுவிட்ச் ஒரு பக்கம் இருக்கும்போது மட்டும் மேல் சுவிட்ச் வேலை செய்து, கீழே தட்டிவிட்டால் மேலே என்ன செய்தும் எரியவில்லை என்றால், கீழ் சுவிட்சில் காமனுக்கு வர வேண்டிய ஒயர் வேறு திருகில் மாட்டப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். எல்லா கம்பெனி சுவிட்சிலும் காமன் நடுவில்தான் இருக்கும் என்று நம்பி மாட்டுவதால் வரும் பிழை இது. கழற்றி, மல்டிமீட்டரில் பார்த்தால் எந்தத் திருகு காமன் என்று தெரிந்துவிடும்.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. சோதனையில் அது அகப்படாது, விளக்கு நன்றாகவே எரியும். கீழே வாடகைக்கு விட்டு, மாடியில் வீட்டுக்காரர் இருக்கும் வீடுகளில் தளத்துக்கு ஒரு மீட்டர் இருக்கும். ஒயர் மிச்சப்படுத்த, பேஸைக் கீழ் வீட்டிலிருந்தும் நியூட்ரலை மாடி வீட்டிலிருந்தும் எடுத்துவிடுகிறார்கள். ஆர்.சி.சி.பி. என்பது தன் வழியாகப் போகும் மின்னோட்டமும் திரும்பி வருவதும் சமமா என்று பார்க்கும் கருவி. இங்கே கீழ் வீட்டில் போனது மாடி வீட்டில் திரும்புகிறது. வித்தியாசம் போதுமான அளவு இருந்தால் படி விளக்கைப் போட்டதும் அது ட்ரிப் ஆகும். ஆகாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மாடியில் மெயினை அணைத்துவிட்டு ஒருவர் நியூட்ரலில் கை வைக்கிறார்; கீழ் வீட்டு பேஸ் படி விளக்கு வழியாக அங்கே வந்து நிற்கிறது. ஆகவே படி விளக்கின் பேஸும் நியூட்ரலும் ஒரே மீட்டரில், ஒரே சர்க்யூட்டில் இருந்துதான் வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுக்கினால் அதற்கும் இந்த இரண்டு ஒயர்கள் காரணமாக இருக்கலாம். அணைந்த நிலையிலும் ஒன்றில் பேஸ் இருக்கிறது. பக்கத்திலேயே நெடுக ஓடும் மற்றொன்றில் அது சிறிது மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அந்த ஒயர்தான் விளக்கோடு இணைந்திருக்கிறது. வேறு பல்பு மாட்டிப் பாருங்கள், பல சமயம் அதிலேயே சரியாகிவிடும்.

படுக்கையறைக்கும் இதே முறைதான்: கதவருகே ஒன்று, கட்டில் தலைமாட்டில் ஒன்று. கட்டில் எந்தச் சுவரை ஒட்டி வரும் என்பதை மட்டும் காடி வெட்டும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்றாவது இடத்திலும் சுவிட்ச் வேண்டுமென்றால், அந்த இரண்டு ஒயருக்கு நடுவே நான்கு திருகுள்ள இன்டர்மீடியட் சுவிட்ச் ஒன்று வரும். பூச்சு முடிந்த வீட்டில் இருப்பவர்கள் சுவரின் மேல் கேசிங் ஓட்டி அதற்குள் ஒயரைக் கொண்டுபோகலாம். சுவரைத் தொடவே வேண்டாம் என்றால், விளக்கோடு ரிசீவரை இணைத்து, பேட்டரியில் இயங்கும் ஒயர் இல்லாத சுவிட்சைத் தலைமாட்டில் ஒட்டிக்கொள்ளலாம். பேட்டரியை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும்.